வளைகுடா வேலை: ஏஜெண்டுக்கு என்ன பதில் எழுதுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டர்வொர்த், பிறை பக்கம் வளைகுடா வேலை பற்றிய வாட்ஸ்அப் செய்தி வந்தால், அதை எனக்கு அனுப்பி "இது சரியா வருமா?" என்று கேட்பவர்கள் நிறைய. செய்திகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: துபாய் அல்லது சவுதி, கைநிறையச் சம்பளம், சாப்பாடு தங்குமிடம் இலவசம், பத்து பேர்தான் தேவை, இன்றைக்கே பாஸ்போர்ட் நகல் அனுப்பு. யார் வேலை கொடுக்கிறார் என்பது மட்டும் அதில் இருக்காது.

போவதா வேண்டாமா என்பது அவரவர் குடும்ப நிலையைப் பொறுத்தது. அந்தச் செய்திக்கு எழுதும் பதிலைப் பற்றியும், பதிலாக வரும் காகிதத்தைப் படிப்பது பற்றியும் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஐக்கிய அரபு அமீரகத்தைச் சார்ந்தவை. இங்கிருந்து கேட்பவர்களில் அதிகம் பேர் அங்கேதான் போக நினைக்கிறார்கள்.

"அக்கா, துபாய் வேலைன்னு மெசேஜ் வந்திருக்கு. முதல்ல என்ன பதில் போடுறது?"

விருப்பம் இருக்கிறது என்று சொல்லுங்கள், விவரத்தை எழுத்தில் கேளுங்கள். பாஸ்போர்ட் நகல், ஐசி, படம் எதையும் முதல் பதிலோடு அனுப்ப வேண்டாம். கிட்டத்தட்ட இப்படி எழுதலாம்:

> வணக்கம் சார். வேலை விவரம் அனுப்பியதற்கு நன்றி. எனக்கு விருப்பம் இருக்கிறது. மேற்கொண்டு பேசுவதற்கு முன் இந்த விவரங்களை எழுத்தில் அனுப்புங்கள். என்னை வேலைக்கு எடுக்கும் நிறுவனத்தின் முழுப் பெயர், ஊர். விசா யார் பெயரில் வரும், வேலை எந்த இடத்தில். விசாவில் போடப்போகும் வேலைப் பெயர். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, தனித்தனியாக. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், வாரத்தில் எத்தனை நாள் வேலை. ஒப்பந்தம் எத்தனை வருடம். டிக்கெட், விசா, மெடிக்கல் செலவு யாருடையது. உங்கள் ஏஜென்சியின் பெயரும் லைசென்ஸ் எண்ணும். இவை வந்ததும் என் ஆவணங்களை அனுப்புகிறேன்.

கடைசி வரி முக்கியம். என்ன கிடைத்தால் நீங்கள் என்ன தருவீர்கள் என்பதை அது தெளிவாக வைத்துவிடுகிறது. அவர் போனில் கூப்பிட்டால் பேசுங்கள், தவறில்லை. ஆனால் வைத்த உடனே, "இப்போது பேசியதில் சம்பளம் இவ்வளவு, நிறுவனம் இன்னது என்று சொன்னீர்கள். சரிதானே சார்?" என்று ஒரு செய்தி போடுங்கள். அவர் "ஆமாம்" என்று பதில் போட்டால் பேச்சு எழுத்தாகிவிட்டது. வாய்ஸ் மெசேஜாக அனுப்பினாலும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

"இவ்ளோ கேள்வி கேட்டா கோவிச்சுக்கிட்டு வேற ஆளுக்குக் கொடுத்துட மாட்டாரா?"

உண்மையான வேலையை வைத்திருக்கும் ஏஜெண்டின் மேசையில் நிறுவனம் அனுப்பிய ஆள் தேவைக் கடிதம் ஒன்று இருக்கும். எத்தனை பேர், என்ன வேலை, என்ன சம்பளம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்து உங்களுக்குப் பதில் எழுத அவருக்குப் பத்து நிமிடம் போதும். கோபம் வருகிறதென்றால், பெரும்பாலும் அந்தக் கடிதம் அவரிடம் இல்லை என்றுதான் அர்த்தம். அவரும் வேறு ஒருவர் அனுப்பிய செய்தியைத் தள்ளிவிடுகிற துணை ஏஜெண்டாக இருக்கலாம்.

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள முடிவு சொல்லு" என்ற அவசரத்துக்கு மட்டும் மசியாதீர்கள். ஆள் எடுப்பு, விசா அனுமதி, மெடிக்கல் எல்லாம் வாரக்கணக்கில் நடக்கிற வேலை. உங்கள் ஒரு மாலையால் அது கெட்டுப்போகாது.

"கம்பெனி பேரைச் சொல்லவே மாட்டேங்கிறார். சொன்னா நான் நேரா போயி சேர்ந்துடுவேனாம்."

இந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, நானே ஒப்புக்கொள்வேன். ஏஜெண்டுக்குப் பிழைப்பே அந்தத் தொடர்புதான். அதனால் முதல் செய்தியிலேயே பெயர் வராதது பெரிய குற்றமில்லை. ஆனால் பெயர் தெரியாமல் நீங்கள் தாண்டக் கூடாத எல்லைகள் உண்டு: பாஸ்போர்ட் நகல், பணம், கையெழுத்து. இந்த மூன்றில் ஒன்றைக் கேட்கும்போது நிறுவனத்தின் பெயர் அவர் வாயிலிருந்து வந்தாக வேண்டும். "சரி சார், பெயரை இப்போது சொல்ல வேண்டாம். நேர்காணலின்போது சொல்லுங்கள். அதுவரை என் வேலை அனுபவ விவரம் மட்டும் அனுப்புகிறேன்" என்று எழுதலாம்.

பெயர் வந்த பிறகு இன்னொரு கேள்வி இருக்கிறது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். வளைகுடாவில் ஆள் சப்ளை செய்யும் நிறுவனங்கள் நிறைய. விசா அவர்கள் பெயரில் வரும், வேலை வேறொருவரின் கட்டுமான இடத்திலோ ஆலையிலோ இருக்கும். அது சட்டப்படி நடக்கிற தொழில்தான். ஆனால் ஏஜெண்டு, வேலை நடக்கும் பெரிய ஆலையின் பெயரைச் சொல்லி, விசா கொடுக்கும் சின்ன நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் விடுவார். சம்பளம் தர வேண்டியது, தங்குமிடம் தர வேண்டியது, தகராறு வந்தால் பதில் சொல்ல வேண்டியது எல்லாம் விசா கொடுக்கும் நிறுவனம். அதனால்தான் மேலே உள்ள செய்தியில் இரண்டு பெயரையும் தனித்தனியாகக் கேட்கச் சொன்னேன்.

"ஏஜெண்டுக்கு லைசென்ஸ் இருக்கான்னு எப்படிப் பாக்குறது? எஸ்எஸ்எம் சான்றிதழ் காட்டுறாரே."

எஸ்எஸ்எம் பதிவு என்பது தொழில் தொடங்கப் பதிந்ததற்கான சான்று, அவ்வளவுதான். ரொட்டிச்சானாய்க் கடைக்கும் அது உண்டு. வேலைக்கு ஆள் சேர்க்க, 1981-ஆம் ஆண்டின் தனியார் வேலை வாய்ப்பு ஏஜென்சிகள் சட்டத்தின் கீழ் ஆள்பல இலாகாவிடம், அதாவது ஜாபாத்தான் தெனாகா கெர்ஜாவிடம், தனி லைசென்ஸ் வாங்க வேண்டும்.

அந்த லைசென்ஸில் ஏ, பி, சி என்று மூன்று வகை. ஏ வகை மலேசியாவுக்குள் வேலை தேடித் தருவதற்கு மட்டும். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப பி அல்லது சி வேண்டும். ஆகவே "லைசென்ஸ் இருக்கு" என்பது போதாது. எந்த வகை, எப்போது காலாவதியாகிறது, யார் பெயரில் என்பதைப் பாருங்கள். `jtksm.mohr.gov.my` தளத்தில் பார்க்கலாம். இணையம் சரிப்படாவிட்டால் அருகிலுள்ள ஆள்பல இலாகா அலுவலகத்துக்கு லைசென்ஸ் எண்ணோடு போய்க் கேளுங்கள். உங்களோடு பேசுகிறவர் அந்த ஏஜென்சியில்தான் வேலை செய்கிறாரா என்பதையும், ஏஜென்சி அலுவலகத்துக்கே போன் போட்டு உறுதி செய்யுங்கள். பிறருடைய லைசென்ஸைப் படம் பிடித்து அனுப்புவது வழக்கமான வித்தை.

"கம்பெனி பேர் கொடுத்துட்டார், வெப்சைட்டும் நல்லா இருக்கு. அப்ப நிஜம்தானே?"

நிறுவனம் நிஜமாக இருக்கலாம். அந்த நிறுவனம் உங்களைக் கூப்பிடுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. மோசடிக்காரர்கள் இல்லாத நிறுவனத்தைக் கற்பனை செய்வதை விட, ஊரறிந்த எண்ணெய் நிறுவனம், ஹோட்டல், விமான நிலையத்தின் பெயரை எடுத்துக்கொள்வதுதான் அதிகம். முத்திரை, கையெழுத்து, லோகோ எல்லாம் அச்சு அசலாக இருக்கும்.

மின்னஞ்சல் முகவரியின் பின்பகுதியை முதலில் பாருங்கள். நிறுவனத்தின் தளத்தில் உள்ள பெயரோடு அது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இடையில் ஒரு கோடு, கூடுதலாக `careers` என்ற சொல், அல்லது இலவச மின்னஞ்சல் முகவரி இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்து, நிறுவனத்தின் தளத்தை நீங்களே தேடிக் கண்டுபிடித்து, அதில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். ஏஜெண்டு கொடுத்த எண்ணுக்குக் கூப்பிட்டால் அவருடைய ஆள்தான் எடுப்பார். மனிதவளப் பிரிவில் இரண்டே கேள்வி: இந்த வேலைக்கு மலேசியாவில் ஆள் எடுக்கிறீர்களா? இந்த ஏஜென்சிக்கு அந்தப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறீர்களா? ஒரு வெளிநாட்டு அழைப்புக்கு ஆகும் சில வெள்ளியைப் பார்த்து இதைத் தவிர்த்துவிடாதீர்கள்.

"4,500 திர்ஹாம்னு சொன்னார். லெட்டர்ல அடிப்படைச் சம்பளம் 1,800-ன்னு போட்டிருக்கு. மத்தது ஓவர்டைம்ல வந்துடுமாம். சரிதானா?"

இந்தக் கேள்வியைக் கேட்டவர் பிறை தொழிற்பேட்டையில் பராமரிப்பு டெக்னீஷியன். கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. அவருக்கு அபுதாபியில் வேலை என்று வந்த கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 1,800 திர்ஹாம், வீட்டு அலவன்ஸ் 600, சாப்பாட்டு அலவன்ஸ் 300. கூட்டினால் 2,700. மீதி 1,800 ஓவர்டைமில் வரும் என்பது ஏஜெண்டின் வாய்வார்த்தை.

அமீரகச் சட்டப்படி ஓவர்டைம் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும், அதற்கு மேல் குறைந்தது 25 விழுக்காடு. இரவு 10 மணியிலிருந்து விடியற்காலை 4 மணி வரை என்றால் 50 விழுக்காடு. 1,800-ஐ 30 நாளாலும் 8 மணி நேரத்தாலும் வகுத்தால் மணிக்கு 7.50 திர்ஹாம். 25 விழுக்காடு சேர்த்தால் சுமார் 9.40. இந்த விகிதத்தில் 1,800 திர்ஹாம் சேர்க்க மாதத்துக்கு 190 மணி நேரத்துக்கு மேல் கூடுதலாக உழைக்க வேண்டும். சாதாரணமாக ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் வாங்கவே சட்டம் இடம் தரவில்லை. மாதம் 26 நாளும் இரண்டு மணி நேரம் செய்தாலும் 52 மணி, அதாவது ஏறக்குறைய 490 திர்ஹாம். ஆக, கையில் வருவது 3,200-ஐ ஒட்டித்தான் இருக்கும். 4,500 எந்த வழியிலும் வராது.

இப்போது பிறையில் அவர் வாங்குவதைப் பாருங்கள். அடிப்படை 2,600 வெள்ளி. 26-ஆலும் 8-ஆலும் வகுத்து ஒன்றரை மடங்காக்கினால் ஓவர்டைம் மணிக்கு 18.75 வெள்ளி. அதே 52 மணி நேரத்துக்கு 975. மொத்தம் 3,575 வெள்ளி. அதற்கு மேல் முதலாளி ஊழியர் சேமநிதிக்குக் கட்டும் 13 விழுக்காடு, மாதம் சுமார் 338 வெள்ளி. ஒரு திர்ஹாம் ஒரு வெள்ளிக்குச் சற்று மேல்தான் போகிறது. அப்படியானால் அபுதாபியின் 3,200 திர்ஹாமும் இங்கே வாங்குவதும் கிட்டத்தட்ட சமம். அங்கே அந்தத் தொகையிலிருந்துதான் அறை வாடகையும் சாப்பாடும் போக வேண்டும். சேமநிதிக்குப் பதிலாக அங்கே வேலை முடிவுப் பணிக்கொடை உண்டு. ஒரு வருடம் முடித்தால், முதல் ஐந்து வருடங்களில் ஒவ்வொரு வருடத்துக்கும் 21 நாள் அடிப்படைச் சம்பளம். 1,800 அடிப்படைக்கு அது வருடத்துக்கு 1,260 திர்ஹாம். இங்கே முதலாளியின் சேமநிதிப் பங்கு மட்டும் வருடத்துக்கு 4,000 வெள்ளியைத் தாண்டுகிறது.

அவர் இந்தக் கணக்கை ஏஜெண்டுக்கு அனுப்பி, "4,500 என்பதை நிறுவனம் எழுதித் தருமா?" என்று மட்டும் கேட்டார். நிறுவனம் தராது என்று பதில் வந்தது. அவர் போகவில்லை. எல்லாருக்கும் இதே முடிவுதான் என்று சொல்ல மாட்டேன். அடிப்படையே 3,500, தங்குமிடம் நிறுவனத்துடையது என்று வந்தால் கணக்கு வேறு. அதனால்தான் அடிப்படையையும் அலவன்ஸையும் தனித்தனியாகக் கேளுங்கள் என்கிறேன். தங்குமிடம் இலவசம் என்றால், அறையே தருகிறார்களா, பணமாகத் தருகிறார்களா என்பதும் எழுத்தில் வரட்டும்.

"ஆஃபர் லெட்டர் பிடிஎஃப்பா வந்துடுச்சு. இதுதானே அக்ரிமெண்ட்?"

இல்லை. நிறுவனத்தின் தலைப்புத்தாளில் வரும் கடிதம் ஒரு வாக்குறுதி மட்டும். அமீரகத்தில் தனியார் நிறுவனம் உங்களுக்கு வேலை அனுமதி வாங்க, அந்நாட்டு மனிதவள அமைச்சின் முறைப்படியான வேலைக் கடிதத்தில் உங்கள் கையெழுத்து வேண்டும். அது அரபு, ஆங்கிலம், அதோடு தொழிலாளிக்குப் புரியும் இன்னொரு மொழி என்று வரும். அந்த மொழிகளில் தமிழும் உண்டு. ஆகவே "சார், அமைச்சின் வேலைக் கடிதத்தைத் தமிழோடு சேர்த்து அனுப்புங்கள்" என்று தாராளமாகக் கேட்கலாம். பிறகு போடும் ஒப்பந்தம் இந்தக் கடிதத்தோடு ஒத்துப்போக வேண்டும். மாற்றினால் உங்களுக்குச் சாதகமாகத்தான் மாற்றலாம். கடிதத்தில் உள்ள எண்ணை வைத்து `mohre.gov.ae` தளத்தில் சரிபார்க்கவும் முடியும்.

இரண்டு விதிவிலக்குகள். ஃப்ரீ ஸோன் எனப்படும் தனி வர்த்தக மண்டலங்களில் உள்ள நிறுவனங்களுக்கு அந்த மண்டலத்தின் நிர்வாகமே ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ளும். வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. இந்த இரண்டில் ஒன்றாக இருந்தால் "ஒப்பந்தம் எந்த அலுவலகத்தில் பதியப்படும்?" என்று ஏஜெண்டிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். சவுதி என்றால் தனியார் நிறுவன ஒப்பந்தங்கள் கிவா என்ற அரசுத் தளத்தில், `qiwa.sa`, பதிவாகின்றன. வீட்டு வேலைக்கு முசானெத் என்ற வேறு தளம்.

எந்த நாடாக இருந்தாலும் வேலைப் பெயரை ஒரு முறை உற்றுப் பாருங்கள். எலக்ட்ரீஷியன் என்று பேசி, விசாவில் பொதுத் தொழிலாளி என்று போட்டால், சம்பளம் குறைக்கப்படும்போது உங்களிடம் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. "விசாவுக்காக அப்படிப் போட்டிருக்கு, வேலை வேறதான்" என்ற விளக்கத்தை ஏற்காதீர்கள்.

"ப்ராசஸிங் பீஸ் 3,000 வெள்ளி கேட்கிறார். கட்டலாமா?"

அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஆள் சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்கிறது. சவுதியிலும் ஆள் வரவழைக்கும் கட்டணம், இக்காமா எனும் வசிப்பு அனுமதி, வேலை அனுமதிச் செலவு முதலாளியுடையது. ஆகவே "விசாவுக்கு" என்று கேட்டால், "இது முதலாளி கட்ட வேண்டியது இல்லையா சார்?" என்று திருப்பிக் கேளுங்கள். இங்கே லைசென்ஸ் உள்ள ஏஜென்சி தன் சேவைக்குக் கட்டணம் வாங்கலாம், ஆனால் அதற்கு மேலே சொன்ன மலேசியச் சட்டத்தின் அட்டவணையில் உச்ச வரம்பு உண்டு. கேட்கும் தொகை அந்த வரம்புக்குள் இருக்கிறதா என்பதை ஆள்பல இலாகாவில் கேட்டபின் கட்டுங்கள்.

கட்டுவதாக முடிவு செய்தால், ஏஜென்சியின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும். தனி ஆள் பெயரில் உள்ள கணக்கு என்றால், அது "என் மனைவி கணக்கு" என்றாலும் "அக்கவுண்டன்ட் கணக்கு" என்றாலும் வேண்டாம். கணக்கு எண்ணை போலீஸின் `semakmule.rmp.gov.my` தளத்தில் போட்டால், அதன் மேல் புகார் உண்டா என்று தெரியும். புகார் இல்லை என்று வந்துவிட்டால் எல்லாம் பத்திரம் என்று எண்ணிவிடாதீர்கள். புதுக் கணக்கின் மேல் புகார் வர நாளாகும். எதற்கான பணம், வேலை கிடைக்காவிட்டால் எத்தனை நாளில் திரும்பும் என்பது ரசீதில் இருக்க வேண்டும்.

பணம் போய்விட்டது, ஆள் போனை எடுக்கவில்லை என்றால் யோசித்துக்கொண்டு உட்காராதீர்கள். 997 என்ற தேசிய மோசடித் தடுப்பு மையத்துக்கு உடனே கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் தடுக்கப் பார்ப்பார்கள். அப்புறம் போலீஸ் ரிப்போர்ட்.

"விசிட் விசால போயிட்டு அங்க மாத்திக்கலாம்னு சொல்றார். நிறைய பேர் அப்படித்தானே போறாங்க?"

போகிறார்கள், மாட்டியும் கொள்கிறார்கள். வருகையாளர் விசாவில் வேலை செய்வது அமீரகத்தில் சட்டவிரோதம். சம்பளம் தராவிட்டால் புகார் கொடுக்கப் போகிற உங்கள் நிலையே ஆட்டம் கண்டுவிடும். ஏஜெண்டுக்கு இது வசதி. வேலைக் கடிதம் தேவையில்லை, நிறுவனத்தின் பெயர் தேவையில்லை, முந்தைய பதில்களில் சொன்ன எதையும் அவர் காட்ட வேண்டியதில்லை.

நேர்காணலுக்காகச் சொந்தச் செலவில் போய்ப் பார்த்துத் திரும்புவது வேறு. வேலைக்கு என்று கூப்பிட்டால் இப்படி எழுதுங்கள்: "வேலை அனுமதியோடு வரும் நுழைவு அனுமதியின் நகல் கைக்கு வந்த பிறகு பயணத் தேதி பேசலாம் சார்."

"பாஸ்போர்ட் ஒரிஜினலை ஏஜெண்டு ஆபீஸ்ல வெச்சிருக்கணுமாம்."

கொடுக்க வேண்டாம். விசா முத்திரைக்குத் தூதரகத்தில் கொடுக்க வேண்டியிருந்தால் எத்தனை நாள், எந்த இடம் என்று எழுதிய ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். ரசீது இல்லாமல் கொடுத்த பாஸ்போர்ட்டை மீட்க, அவர் சொல்லும் தொகையைக் கட்ட வேண்டிய நிலைக்குப் பலர் வந்திருக்கிறார்கள். நகல் அனுப்பும்போதும் அதன் குறுக்கே, "இன்ன ஏஜென்சிக்கு, இன்ன வேலை விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கள்.

"நான் இந்தியப் பாஸ்போர்ட், கேஎல்ல ரெஸ்டாரண்ட்ல வேலை. இங்கிருந்தே சவுதிக்கு ஏஜெண்டு கூப்பிடுறார்."

மேலே சொன்னது எல்லாம் உங்களுக்கும் பொருந்தும். கூடவே உங்கள் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஈசிஆர் உள்ளவர்கள் இந்தியாவிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அந்தப் பட்டியலில் மலேசியாவும் இருப்பதால் இந்த நடைமுறை உங்களுக்குப் புதிதாக இருக்காது. ஏஜெண்டு இந்தியாவில் இருப்பவர் என்றால் அவர் பெயர் `emigrate.gov.in` தளத்தில் பதிவு பெற்றவர்களின் பட்டியலில் இருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான்.

இங்கிருந்து நேராகப் போவது உங்கள் நிலையில் சரிவருமா என்பதை, இருக்கும் வேலையை விடும் முன் கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் கேளுங்கள். இங்குள்ள பெர்மிட்டை ரத்து செய்துவிட்டு, அங்கே விசா வராமல் நடுவில் நிற்கிறவர்களின் பாடு ரொம்பக் கஷ்டம். ரத்து செய்யும் தேதியை சவுதி விசா கையில் வந்த பிறகே முடிவு செய்யுங்கள்.

"எல்லாம் சரி பாத்துத்தான் கையெழுத்து போட்டேன். இப்ப டிக்கெட் பேங்காக் வரைக்கும்தான் வந்திருக்கு. அங்கிருந்து துபாய் டிக்கெட் தருவாங்களாம்."

ஏறாதீர்கள். வெளிநாட்டு வேலை என்று கிளப்பி, வழியில் தாய்லாந்து எல்லை தாண்டி மியன்மாரின் இணைய மோசடி முகாம்களுக்குக் கடத்தப்பட்ட மலேசியர்கள் உண்டு. கோலாலம்பூரிலிருந்து துபாய், அபுதாபி, தோஹாவுக்கு நேரடி விமானங்கள் இருக்கும்போது பாதி வழி டிக்கெட்டுக்கு நியாயமான காரணம் எதுவும் கிடையாது. "கடைசி ஊர் வரை ஒரே பதிவாக டிக்கெட் அனுப்புங்கள், இல்லையென்றால் நான் வரவில்லை" என்று எழுதுங்கள். டிக்கெட்டில் உள்ள பதிவு எண்ணை விமான நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

"அங்க போய் இறங்கினதும் வேற காகிதம் நீட்டினா என்ன செய்றது? இதுல சம்பளம் கம்மியா இருக்கு, அரபியில மட்டும் இருக்கு."

இது வளைகுடாவில் பழைய தந்திரம். ஊரில் ஒரு காகிதம், அங்கே ஒரு காகிதம். முன்பு வந்த அமைச்சின் வேலைக் கடிதம் கையில் இருந்தால்தான் இதை எதிர்க்க முடியும். அதனால் கிளம்பும் முன் அந்தக் கடிதம், ஏஜெண்டோடு பேசிய செய்திகள், ரசீது, நிறுவனத்தின் முகவரி எல்லாவற்றையும் வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். போனைப் பிடுங்கிக்கொண்டாலும் நகல் வீட்டில் இருக்கும்.

புதுக் காகிதத்தை நீட்டினால் சண்டை போட வேண்டாம். "வீட்டில் கேட்டுவிட்டு நாளை கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கடிதத்தையும் புதிய காகிதத்தையும் சேர்த்து அந்நாட்டு மனிதவள அமைச்சில் புகார் செய்யலாம். மலேசியாவுக்கு அபுதாபியில் தூதரகமும் துபாயில் துணைத் தூதரகமும் உண்டு; ரியாத், தோஹா, குவைத், மஸ்கட், மனாமாவிலும் தூதரகங்கள் இருக்கின்றன. அந்த எண்களைப் புறப்படும் முன்பே போனிலும், போன் இல்லாவிட்டாலும் எடுக்கும்படி ஒரு தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடச் சொல்லி மிரட்டினாலோ அறையை விட்டு வெளியே விடாவிட்டாலோ வீட்டில் இருப்பவர் காத்திருக்கக் கூடாது. இங்கே போலீஸ் ரிப்போர்ட் எழுதி, அதன் நகலோடு புத்ராஜெயாவில் உள்ள வெளியுறவு அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும்.